பழைய சான்றிதழில் பழைய பெயரே இருக்கட்டும்: சான்று மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஆவணம் சரிபார்க்கும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிறப்புச் சான்றிதழ், மணச்சான்று, நன்னடத்தைச் சான்று போன்றவற்றை மொழிபெயர்த்து, "மூலத்துக்கு உண்மையானது" என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது என் தொழில். அதே தொழிலில் இருப்பவர்களுக்கும், எங்கள் தாள்களை வாங்கி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலர்களுக்கும் இந்த மடல். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆவணம் வழங்கப்பட்ட பிறகு ஊருக்கோ தெருவுக்கோ அரசு பெயர் மாற்றிவிட்டால், அந்த ஆவணத்தின் மொழிபெயர்ப்பில் எந்தப் பெயரை எழுதுவது?

ஒரு கோப்பு என் மேசைக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெண்மணி குடியேற்ற விண்ணப்பத்துக்காகத் தன் ஆவணங்களை வேறொரு இடத்தில் மொழிபெயர்த்து வாங்கியிருந்தார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "மொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்தவில்லை" என்று ஒற்றை வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். என்ன பொருந்தவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. அவர் பிறந்தது இன்று கசகஸ்தானின் தலைநகராக இருக்கும் அஸ்தானாவில். சிக்கல் அந்த ஊரின் பெயரில்தான் இருந்தது.

அந்த ஊரின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் சிக்கல் தெரிந்துவிடும். 1961இல் அதற்குச் செலினோகிராத் என்று பெயர் வைத்தார்கள். 1992இல் அது அக்மோலா ஆனது. தலைநகரம் அங்கே மாறிய பிறகு, 1998 மே மாதத்தில் அஸ்தானா ஆனது. 2019 மார்ச்சில் நூர்-சுல்தான் என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் மறுபடியும் அஸ்தானா. இத்தனைக்கும் ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அந்தப் பெண்மணியின் பிறப்புச் சான்றிதழ் 1986ஆம் ஆண்டுக்குரியது, அதில் செலினோகிராத். மணச்சான்று 1999இல் வாங்கியது, அதில் அஸ்தானா. காவல்துறைச் சான்று 2020இல் வாங்கியது, அதில் நூர்-சுல்தான். மூன்றையும் சேர்த்து நகல் எடுத்து 2023இல் சான்றொப்பம் வாங்கியிருந்தார். அந்த முத்திரையில் மீண்டும் அஸ்தானா. ஒரே ஊருக்கு நான்கு தாள்களில் மூன்று பெயர்கள். முதலில் மொழிபெயர்த்தவர் இதைப் பார்த்துவிட்டு, படிப்பவர் குழம்பக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எல்லா இடத்திலும் அஸ்தானா என்று ஒரே சீராக எழுதிவிட்டார். பிறப்புச் சான்றிதழில் இருந்த "கசாக் சோவியத் சோசலிசக் குடியரசு" என்பதையும் கசகஸ்தான் என்று சுருக்கியிருந்தார்.

சரிபார்த்த அலுவலரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவருக்கு ரஷ்ய மொழி தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். மூலத்தில் "செ" ஒலியில் தொடங்கும் ஒரு நீளமான சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் "அ"வில் தொடங்கும் சின்னச் சொல் இருக்கிறது. 1986இல் அஸ்தானா என்ற பெயரே அந்த ஊருக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். 1986இல் போட்ட கையெழுத்துக்கு மேலே 1998இல் வந்த பெயர் எப்படி வரும்? போலி ஆவணங்களைப் பிடிப்பவர்கள் முதலில் தேடுவதே இப்படிப்பட்ட கால முரணைத்தான். உண்மையான சான்றிதழைப் போலிபோல் தோன்ற வைத்தது அதன் மொழிபெயர்ப்பு.

இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஏனென்றால் நானும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். லெனின்கிராட் என்று இருந்த இடத்தில் சென் பீட்டர்ஸ்பர்க் என்று எழுதிக் கொடுத்து, அந்தக் குடும்பம் இன்னொரு முறை கட்டணம் கட்டி, இன்னொரு முறை வரிசையில் நிற்கும்படி ஆனது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊரின் சரியான பெயர் எதுவோ அதை எழுதுவதுதான் சரியென்று நினைத்திருந்தேன்.

சக மொழிபெயர்ப்பாளர்களே, நாம் சான்று கொடுப்பது ஊரைப் பற்றி அல்ல, தாளைப் பற்றி. "இந்தத் தாளில் இப்படி எழுதியிருக்கிறது" என்பதற்குத்தான் நம் கையெழுத்து. ஆகவே தாளில் செலினோகிராத் என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் செலினோகிராத்தான். அந்தச் சொல்லுக்கு ரஷ்ய மொழியில் "தரிசு நிலத்தின் நகரம்" என்பதுபோல் ஒரு பொருள் உண்டு. பெயரின் பொருளையும் மொழிபெயர்க்கக் கூடாது, பெயரையும் புதுப்பிக்கக் கூடாது, ஒலியை மட்டும் கொண்டுவர வேண்டும். நாட்டின் பெயருக்கும் இதே விதிதான். சோவியத் குடியரசு என்று இருந்தால் சோவியத் குடியரசு.

ஒரு ஆவணத்துக்கு மூன்று தேதிகள் உண்டு என்பதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும். நிகழ்ச்சி நடந்த தேதி ஒன்று, தாள் வழங்கப்பட்ட தேதி ஒன்று, நாம் மொழிபெயர்க்கும் தேதி ஒன்று. நம்முடைய தேதிக்கு ஊர்ப் பெயரில் எந்த அதிகாரமும் இல்லை. மற்ற இரண்டில் எதன்படி பெயர் எழுதுவது என்று முடிவு செய்தது பதிவு அலுவலகம், நாம் அல்ல. 1986இல் பிறந்தவருக்கு 2005இல் மறுபிரதி கொடுத்திருந்தால், சில பதிவாளர்கள் பழைய பேரேட்டில் இருந்ததை அப்படியே எழுதுவார்கள், சிலர் அன்றைய பெயரை எழுதுவார்கள், சிலர் இரண்டையும் எழுதுவார்கள். எது எழுதியிருக்கிறதோ அதை எழுதுங்கள். அந்தப் பெண்மணியின் மணச்சான்றில் மணமகளின் பிறந்த இடம் என்ற கட்டத்திலேயே அஸ்தானா என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழில் செலினோகிராத். மூலத்தாள்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்வது நம் வேலை அல்ல. இரண்டையும் இருந்தபடியே காட்டிவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று படிப்பவருக்கு வழிகாட்டுவது வரைதான் நம் வேலை.

வழிகாட்டுவதை எப்படிச் செய்வது? மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்ற ஒன்று அதற்காகத்தான் இருக்கிறது. நான் அந்தப் பிறப்புச் சான்றிதழை மறுபடி மொழிபெயர்த்தபோது, பிறந்த இடம் என்ற கட்டத்தில் செலினோகிராத் என்று மட்டும் எழுதினேன். பக்கத்தின் அடியில், சான்றிதழின் உள்ளடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, சதுர அடைப்புக்குள் இப்படி எழுதினேன்: "[மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: செலினோகிராத் என்பது மூலத்தில் உள்ளபடி. இந்நகரம் 1992 முதல் அக்மோலா, 1998 முதல் அஸ்தானா, 2019 முதல் நூர்-சுல்தான், 2022 முதல் மீண்டும் அஸ்தானா என்று அழைக்கப்படுகிறது.]" மணச்சான்றுக்கும் காவல்துறைச் சான்றுக்கும் அந்தந்தத் தாளில் இருந்த பெயரை வைத்து அதே குறிப்பைத் திருப்பி எழுதினேன். ஒரு தாளில் எழுதியாயிற்றே என்று மற்றவற்றில் விட்டுவிடக் கூடாது. கோப்பைப் பிரித்து இரண்டு மேசைகளுக்கு அனுப்பிவிட்டால், குறிப்பு இல்லாத தாள் தனியே நிற்கும்.

குறிப்பைக் கட்டத்துக்குள்ளேயே எழுதினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். "செலினோகிராத் (அஸ்தானா)" என்று எழுதினால் சுலபமாகப் புரியுமே என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாவது, வளைவு அடைப்பு மூலத்திலேயே இருந்ததா நாம் போட்டதா என்று படிப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது, அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவர் அடைப்பையும் சேர்த்தே ஏற்றிவிடுவார். அப்புறம் அந்த நபரின் பிறந்த இடம் வாழ்நாள் முழுக்க "செலினோகிராத் அஸ்தானா" என்று இரட்டைப் பெயராகப் பதிவேட்டில் நிற்கும். சாய்கோடு போட்டு இரண்டு பெயரை எழுதுவதற்கும் இதே கதிதான்.

பழைய தாளின் பின்பக்கம், அதை வெளிநாட்டில் ஏற்பதற்கான அபோஸ்டில் என்ற சான்று ஒட்டியிருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அபோஸ்டிலில் "எந்த இடத்தில்", "எந்த நாளில்" என்று ஐந்தாவது, ஆறாவது வரிகள் உண்டு. அவை அபோஸ்டில் கொடுத்த இடமும் நாளும். 1986ஆம் ஆண்டுத் தாளின் பின்னால் 2023இல் அபோஸ்டில் ஒட்டினால், முன்பக்கம் பழைய பெயரும் பின்பக்கம் புதிய பெயரும் ஒரே காகிதத்தில் நிற்கும். முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்கு ஏற்றபடி திருத்தவும் கூடாது, பின்பக்கத்தை முன்பக்கத்துக்கு ஏற்றபடி திருத்தவும் கூடாது.

அடுத்தது, புதுப்பிக்கும் ஆசையால் வரும் இன்னொரு தவறு. நகரத்தின் பெயர் மாறினால் மாகாணத்தின் பெயரும் மாறியிருக்கும் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். உக்ரைனில் தினீப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரம் 2016 மே மாதத்தில் தினீப்ரோ ஆனது. ஆனால் அது தலைநகராக உள்ள மாகாணத்தின் பெயர் அந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் நகரத்தோடு சேர்ந்து மாறவில்லை. ரஷ்யாவிலும் அப்படித்தான். 1991இல் லெனின்கிராட் நகரம் சென் பீட்டர்ஸ்பர்க் ஆனது. லெனின்கிராட் மாகாணம் இன்றும் லெனின்கிராட் மாகாணம்தான். "சென் பீட்டர்ஸ்பர்க் மாகாணம்" என்று குறிப்பில் எழுதிவிட்டால், இன்று இல்லாத ஒரு மாகாணத்தை நாம் உண்டாக்கியவர்கள் ஆகிறோம்.

நிறுவனங்களின் பெயரும் இந்த வகைதான். 1996இல் மெட்ராஸ் என்ற ஆங்கிலப் பெயர் சென்னை என்று மாறியபோது உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரும் மாறவில்லை. இரண்டிலும் இன்றும் மெட்ராஸ்தான். நேற்று வந்த தீர்ப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போதுகூட நீதிமன்றத்தின் பெயரில் மெட்ராஸ், முகவரியில் சென்னை என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் வரும். அதுதான் சரி.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெயர் மாற்றம் ஒரு மொழியில் நடந்து இன்னொரு மொழியில் நடக்காமல் இருக்கலாம். 1996இல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் அதற்கு வெகுகாலம் முன்பே சென்னை என்றுதான் எழுதினார்கள். அப்படியானால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்ச் சான்றிதழில் சென்னை என்று இருப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தப் பெயர்? அன்றைய அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர் மெட்ராஸ் என்பதால் அதையே எழுத வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. தாளில் ஆங்கில முத்திரையோ ஆங்கிலத் தலைப்போ இருந்து அதில் மெட்ராஸ் என்று இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன், தாளே வழி சொல்லிவிட்டது. அப்படி எதுவும் இல்லாத தமிழ்த் தாளாக இருந்தால், சென்னை என்ற எழுத்துக்களை ஒலிபெயர்த்துவிட்டு, அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று வழங்கியது என்று அடியில் குறிப்பெழுதுவதே சரி என்பது என் முடிவு. அங்கே நாம் பெயரைப் புதுப்பிக்கவில்லை, இருந்ததைத்தான் எழுதுகிறோம். கொல்கத்தாவுக்கும் இதே நிலைதான். 2001இல் ஆங்கிலத்தில்தான் மாற்றம்; வங்காள மொழியில் அதற்கு முன்பும் கொல்கத்தாதான். கீவ் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அங்கே பெயர் மாற்றமே நடக்கவில்லை. ரஷ்ய ஒலிப்பிலிருந்து உக்ரைனிய ஒலிப்புக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியது. அதற்குப் போய்ப் "பெயர் மாற்றப்பட்டது" என்று குறிப்பெழுதினால் குறிப்பே பொய்யாகிவிடும்.

பெயர் மாறுவது ஒன்று, எல்லை மாறுவது இன்னொன்று. 1980ஆம் ஆண்டுத் தாளில் செங்கல்பட்டு மாவட்டம் என்று பார்க்கிறோம். இன்றும் செங்கல்பட்டு மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஆகவே குறிப்பே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பழைய மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து புதிதாகப் பிரிந்ததுதான் இன்றைய செங்கல்பட்டு. திருவள்ளூரில் பிறந்தவரின் பழைய தாளில் செங்கல்பட்டு மாவட்டம் என்றும், இன்றைய அடையாள அட்டையில் திருவள்ளூர் மாவட்டம் என்றும் இருக்கும். இரண்டும் சரி. இங்கே "பெயர் மாறியது" என்று எழுதாமல், "இவ்வூர் 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது" என்று ஊரை வைத்துக் குறிப்பெழுத வேண்டும்.

தெருக்களில் இந்தக் கண்ணி இன்னும் ஆழமானது. கிழக்கு பெர்லினில் ஸ்டாலின்அலே என்றொரு பெருஞ்சாலை இருந்தது. 1961 நவம்பரில் அதன் பெயரை எடுத்தபோது ஒரு பகுதி கார்ல்-மார்க்ஸ்-அலே ஆனது, இன்னொரு பகுதி பிராங்க்பர்ட்டர் அலே ஆனது. 1955ஆம் ஆண்டுத் தாளில் ஸ்டாலின்அலேயும் ஒரு கதவு எண்ணும் இருந்தால், இன்றைய பெயர் எதுவென்று தெருப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெயர் மாறும்போது கதவு எண்களையும் திருத்திய தெருக்கள் வேறு உண்டு. பழைய எண்ணையும் புதிய தெருப் பெயரையும் ஒட்டி எழுதினால் அது வேறு யாருடைய வீடாகவோ முடியும். ஆகவே தெருவைப் பொறுத்தவரை நான் குறிப்பெழுதுவதே அபூர்வம். உள்ளாட்சி அலுவலகம் கொடுத்த பெயர் மாற்றச் சான்றோ, எண் மாற்றப் பட்டியலோ கையில் இருந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் அதை வாங்கி வரச் சொல்லி, அதையும் தனி ஆவணமாக மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்ப்பேன். தவறான குறிப்பைவிடக் குறிப்பே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல். குறிப்பும் நம் கையெழுத்துக்குக் கீழேதான் வருகிறது.

வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்பார். "என் பாஸ்போர்ட்டில் புதுப் பெயர்தான் இருக்கிறது, இதிலும் அதையே போட்டுவிடுங்கள், வேலை சுலபமாக முடியும்" என்பார். அவர் கவலை நியாயமானது. ஆனால் அவர் கேட்பதற்கு இடம் மொழிபெயர்ப்பு அல்ல, விண்ணப்பப் படிவம். படிவத்தை நிரப்புவது வேறு வேலை. அங்கே பிறந்த இடம் என்று கேட்டால், இன்றைய பெயரா அன்றைய பெயரா என்று படிவத்தின் வழிகாட்டுதலிலேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள்; சொல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுவது பாதுகாப்பு. இப்போது குடியிருக்கும் முகவரிக்கு இன்றைய பெயர். முன்பு குடியிருந்த முகவரிகளைக் கேட்டால் அந்தந்தக் காலத்துப் பெயரை எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் "தற்போது" என்ற சொல்லோடு எழுதலாம். படிவம் அவர் சொல்வது. மொழிபெயர்ப்பு தாள் சொல்வது.

இனி, சரிபார்க்கும் அலுவலர்களிடம் என் வேண்டுகோள். ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயரும் இருப்பதைக் கண்டால், திருப்பி அனுப்பும் முன் மொழிபெயர்ப்பின் அடியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பிறந்த இடம் இடம்பெறுவதே இல்லை. ஆகவே அந்த வரிகளைப் படிக்கும் கருவி இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பது உங்கள் கண்கள்தான். குறிப்பில் ஆண்டும் பெயரும் இருந்தால், ஆவணம் வழங்கிய தேதி அந்தப் பெயர் நடப்பில் இருந்த காலத்துக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். செலினோகிராத் என்று 1986இல் இருப்பது சரி. 1995இல் வழங்கிய தாளின் முத்திரையில் அஸ்தானா என்று இருந்தால் அப்போது கேள்வி கேளுங்கள், கேட்க வேண்டிய இடம் அது. குறிப்பு போதவில்லை என்றால், "பொருந்தவில்லை" என்று ஒற்றை வரி எழுதாமல், எந்தக் கட்டம், எந்தப் பெயர், என்ன சான்று வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பெண்மணிக்கு எது பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது.

முடிந்தால் உங்கள் படிவங்களில் பிறந்த இடத்துக்கு இரண்டு கட்டங்கள் வையுங்கள்: "ஆவணத்தில் உள்ளபடி" என்று ஒன்று, "தற்போதைய பெயர், வேறாக இருந்தால்" என்று ஒன்று. மொழிபெயர்ப்பாளர் சங்கங்களை நடத்துபவர்கள் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் மாதிரித் தாள்களில் இப்படிப்பட்ட ஒரு பழைய சான்றிதழையும் சேருங்கள். நான் மேலே எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஊரையும் ஆண்டையும் மட்டும் மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
சான்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர்